ஒரு சிப்பம் அரிசியும் கடைசி மூன்று மாதமும்

மளிகைக் கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று வாங்குகிறோம். ஒரு கர்ப்பிணியின் உடல் ஒன்பது மாதத்தில் வழக்கத்துக்கு மேல் கேட்கும் கலோரி முழுவதும் அந்த ஒரு சிப்பத்துக்குள் அடங்கிவிடும், சொல்லப்போனால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, பேறுகாலத்தில் 12 கிலோ எடை கூடும் பெண்ணுக்கு மொத்தம் 77,000 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கலோரி. வகுத்துப் பார்த்தால் 22 கிலோ வருகிறது. குழந்தை, நஞ்சுக்கொடி, பெருத்த கருப்பை, கூடுதல் ரத்தம், பால் சுரப்புக்காகத் தாய் சேர்த்துவைக்கும் மூன்று நான்கு கிலோ கொழுப்பு, இவ்வளவையும் சுமந்து வேகமாகத் துடிக்கும் இதயத்தின் செலவு எல்லாமே அந்த 22 கிலோவுக்குள்.

"இனிமே ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடணும்" என்று தள்ளிப்போன செய்தி தெரிந்த அன்றே வீட்டில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதைச் சொன்னபடியே செய்தால், 280 நாளும் இன்னொரு பெரிய மனுஷிக்கான சாப்பாடு உள்ளே போக வேண்டும். அரிசியாக மாற்றினால் அது 130 கிலோ, அதாவது ஐந்து சிப்பத்துக்கும் மேல். உடல் கேட்பது ஒன்று, வீடு போடுவது ஐந்து.

அந்த ஒரு சிப்பத்தையும் உடல் மாதாமாதம் சம அளவில் செலவழிப்பதில்லை. பன்னிரண்டாம் வாரம் முடியும்போது குழந்தையின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர், எடை பதினான்கு கிராம் அளவில்தான். நாற்பதாம் வாரத்தில் அது மூன்று கிலோ. நடுவில் இருபத்தெட்டாம் வாரத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு கிலோதான் இருக்கும். மீதி இரண்டு கிலோவும் கடைசி பன்னிரண்டு வாரத்தில் ஏறுவது. செலவும் அதையொட்டியே போகிறது. மேலே சொன்ன 2004 கணக்கில் முதல் மூன்று மாதம் நாளுக்கு 85 கலோரி, அடுத்த மூன்று மாதம் 285, கடைசி மூன்று மாதம் 475. முதல் 85 என்பது ஒரு வாழைப்பழம்.

இந்தியப் பெண்களுக்கான கணக்கை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் புதுப்பித்தன. 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் சாதாரண நாளில் அவருக்கு 1,660 கலோரியும் 46 கிராம் புரதமும் வேண்டும். கர்ப்ப காலத்தில் நான்காம் மாதத்திலிருந்து பிரசவம் வரை நாளுக்கு 350 கலோரி கூட்டிக்கொள்ளலாம் என்கிறது அந்தக் கணக்கு. நடு மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் வெவ்வேறு எண் கொடுக்காமல், வசதிக்காக ஒரே சராசரியாகக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் புரதத்தை மட்டும் அப்படிச் சராசரி போடவில்லை. நடு மூன்று மாதத்தில் 9.5 கிராம் கூடுதல், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல்.

கலோரி அதே 350-இல் நிற்கிறது, புரதம் இரண்டு மடங்குக்கு மேல் தாவுகிறது. நான் சொல்லவந்ததெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான். ஏழாம் மாதத்திலிருந்து "இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கோம்மா" என்ற உபசாரம் ஏன் வேலைக்கு ஆகாது என்பது இதில்தான் இருக்கிறது.

இந்த 22 கிராம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சுவாரசியமானது. பேறுகாலம் முழுக்கத் தாயின் உடலிலும் குழந்தையின் உடலிலுமாகப் புதிதாகச் சேரும் புரதம், தண்ணீரை நீக்கிப் பார்த்தால், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில் சேர்கிறது. நடு மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை கிராம் சேர்ந்துகொண்டிருந்தது, கடைசி மூன்று மாதத்தில் ஐந்து கிராமுக்கு வந்துவிடுகிறது. குழந்தையின் தசை, தோல், ஈரல், மூளை எல்லாம் ஒரே நேரத்தில் பருக்கும் காலம் அது.

சரி, ஐந்து கிராம்தானே சேருகிறது, ஏன் 22 கிராம் சாப்பிட வேண்டும்? தையல்காரரிடம் கொடுத்த துணி முழுவதும் சட்டை ஆவதில்லை, வெட்டியது போக ஓரத்துண்டு கீழே விழத்தான் செய்யும். நாம் சாப்பிடும் புரதத்தை உடல் முதலில் அமினோ அமிலங்களாகப் பிரித்துவிட்டு, குழந்தைக்கு வேண்டிய விகிதத்தில் மறுபடி கோக்கிறது. விகிதத்துக்குப் பொருந்தாதவை எரிந்துபோகின்றன. இந்தக் கழிவையெல்லாம் சேர்த்து, கர்ப்பிணி கூடுதலாகச் சாப்பிடும் புரதத்தில் நூற்றுக்கு 42 பங்குதான் புதிய சதையாக நிற்கிறது என்று நிபுணர் குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஐந்து கிராமுக்குச் சற்று மேல் சேர வேண்டுமென்றால் 13 கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். கூடிய எடையில் கருப்பையும் ரத்தமும் அன்றாடப் பராமரிப்பு கேட்கும், அதற்கு ஒரு ஐந்து கிராம். இதுவரை ஏறக்குறைய 17.6. இது சராசரிப் பெண்ணின் தேவை. ஒருவருக்கொருவர் உடல்வாகு மாறுமல்லவா, யாருக்கும் குறைந்துபோகக் கூடாது என்று அதன் மேல் கால் பங்கு கூட்டினால் 22.

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காத உடல் அப்போது சும்மா இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரணமாக நம் உடல் மிஞ்சிய அமினோ அமிலங்களை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கரு தங்கிய சில வாரங்களிலேயே தாயின் ஈரல் இந்த யூரியா உற்பத்தியைக் குறைக்கத் தொடங்குகிறது. வாந்தியெடுத்துக்கொண்டு, ரசம் சாதம்கூட இறங்காமல் அவள் படுத்திருக்கும்போதே, உள்ளதைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. நஞ்சுக்கொடியும் லேசுப்பட்டதல்ல. அமினோ அமிலங்கள் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாக இருக்கும். தானாக ஒழுகிப் போவதாக இருந்தால் அப்படி இருக்க முடியாது, நஞ்சுக்கொடி சக்தி செலவழித்து இழுத்து அனுப்புகிறது. அதனால் முதல் மாதங்களில் சாப்பிட முடியவில்லையே என்று மருகுவதில் அர்த்தமில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டு, இறங்குகிறதைச் சாப்பிட்டால் போதும். தண்ணீர்கூடத் தங்காமல் எடை இறங்கிக்கொண்டே போனால் அது வேறு விஷயம், மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

காலத்துக்குக் காலம் தேவை மாறுகிறது என்பதற்குத் துயரமான சாட்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழியை ஜெர்மானியப் படை அடைத்தது. நகரங்களில் ஆளுக்கு ரேஷன் 1,000 கலோரிக்குக் கீழே போய், மோசமான வாரங்களில் ஐந்நூறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பஞ்சம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று துல்லியமாகத் தெரியும், பிரசவப் பதிவேடுகளும் தப்பிப் பிழைத்தன. அதனால் எந்தக் குழந்தை வயிற்றில் எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்று பின்னாளில் ஆராய முடிந்தது. கடைசி மூன்று மாதம் பஞ்சத்தில் சிக்கிய குழந்தைகள் வழக்கத்தைவிட முந்நூறு கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்தன. முதல் மூன்று மாதம் மட்டும் பஞ்சத்தில் இருந்து, பிறகு தாய்க்கு நல்ல சாப்பாடு கிடைத்த குழந்தைகளின் பிறப்பு எடை குறையவில்லை. எடை குறையவில்லை என்பதற்காக அவை தப்பித்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. நடுவயதில் இதய நோய் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. பிறப்பு எடை என்ற ஒரு தராசில் மட்டும்தான் கடைசி மூன்று மாதம் கனமானது.

இப்போது அடுப்பங்கரைக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். 55 கிலோ, தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை, வீட்டில் நான்கு பேர், சைவச் சமையல்தான் பெரும்பாலும். காலையில் ஒரு காபி. மூன்று இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, சாம்பார், ஒரு பொரியல், ரசம், அரை டம்ளர் தயிர். சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும். ராத்திரி இரண்டு தோசை, சட்னி. கூட்டினால் 1,700 கலோரி, 46 கிராம் புரதம். ஏட்டில் உள்ள எண்ணோடு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் இந்தக் கூட்டலில் ஓர் இடம் சறுக்கும். இரண்டு வேளை சாம்பாரிலும் சேர்த்து அவருக்கு 35 கிராம் பருப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நான்கு பேருக்கென்றால் நாளொன்றுக்கு 140 கிராம் துவரம் பருப்பு, மாதத்துக்கு நான்கு கிலோவுக்கு மேல். தமிழக ரேஷன் கடையில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. அதை மட்டும் நம்பி இருக்கும் வீட்டில் தலைக்கு நாள் ஒன்றுக்கு எட்டு கிராம்தான் வரும், அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. வெளியில் வாங்கிச் சேர்த்தாலும், விலையேறும் மாதங்களில் சாம்பாரில் தண்ணீர் கூடும், காய் கூடும், பருப்பு குறையும். நிறமும் மணமும் மாறாது என்பதால் யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. சாம்பார் வைத்த பாத்திரத்தில் பருப்பு அடியில் படியும். மேலாக மொண்டு ஊற்றிக்கொள்கிறவருக்கும், அடிவரை கலக்கி ஊற்றிக்கொள்கிறவருக்கும் ஒரே கரண்டியில் கிடைப்பது ஒன்றல்ல. பருப்பு பாதியாகக் குறைந்தால் இந்தப் பெண்ணின் 46 கிராம் சத்தமில்லாமல் 42 ஆகிவிடும். கர்ப்பத்துக்கான கூடுதலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நான்கு கிராம் கடன்.

கடன் இல்லை என்றே வைத்து மேலே போவோம். நான்காம் மாதம். 350 கலோரி, 9.5 கிராம் புரதம். இது சுலபம். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் பால், அதில் 146 கலோரி, ஆறரை கிராம் புரதம். சாயங்காலம் ஒரு கைப்பிடி உலர்ந்த பச்சைப்பயற்றை ஊறவைத்துச் செய்த சுண்டல். உலர்ந்த பயறு ஒரு கைப்பிடி என்பது சுமார் 30 கிராம், அதில் ஆறரை கிராம் புரதம். தாளித்த எண்ணெயும் தேங்காய்த் துருவலும் சேர்ந்தால் 140 கலோரிக்கு வரும். கூட ஒரு வாழைப்பழம் போட்டால் முடிந்தது. கேட்ட 9.5-ஐத் தாண்டி 13 கிராம் போய்விடுகிறது. முட்டை சாப்பிடுகிறவர் என்றால் சுண்டலுக்குப் பதிலாக ஒரு அவித்த முட்டை, அதில் ஆறரை கிராம் புரதமும் எழுபது கலோரியும் இருக்கும். மிச்சக் கலோரிக்கு ஒரு கடலை உருண்டை.

ஏழாம் மாதம் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. அதே 350 கலோரிக்குள் 22 கிராம். இதைச் சோற்றால் ஈடுகட்டப் பார்த்தால் என்ன ஆகும்? 350 கலோரிக்கு 100 கிராம் அரிசி. வடித்தால் ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சோறு. அதில் புரதம் எட்டு கிராமுக்கும் குறைவு. 22 கிராம் புரதத்தை அரிசியிலிருந்தே எடுக்க வேண்டுமானால் 280 கிராம் அரிசி கூடுதலாகச் சாப்பிட வேண்டும், கிட்டத்தட்ட ஆயிரம் கலோரி. அப்படிச் சாப்பிட வயிற்றில் இடமும் இல்லை. கருப்பை மேலெழுந்து இரைப்பையை நெருக்கும் மாதங்கள் அவை. நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், படுத்தால் எதுக்களிக்கும். சின்ன அளவில் அதிகப் புரதம் உள்ளதாகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் வளைகாப்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சரியாகக் கடைசி மூன்று மாதத்தின் வாசலில், ஏழாம் மாதத்தில், தாய்வீட்டிலிருந்து சீர் வருகிறது. புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். அத்தனையும் சோறு. ஒரு நாள் விருந்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்த நாளின் சந்தோஷத்துக்குக் கலோரி கணக்கு கிடையாது. ஆனால் அந்தச் சீரில் ஒரு தூக்கு நிறையச் சுண்டலும் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் தையல்காரப் பெண்ணுக்கு எட்டாம் மாதத்துக்கான திருத்தம் இப்படி வரும். பால் ஒரு டம்ளர் அப்படியே தொடரட்டும், ஆறரை கிராம். பயறுச் சுண்டல் தொடரட்டும், இன்னொரு ஆறரை. வாழைப்பழத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 20 கிராம் வறுத்த வேர்க்கடலை. உள்ளங்கைக் குழியில் அடங்கும், நூறு கலோரி, கிட்டத்தட்ட ஐந்து கிராம் புரதம். இத்தனையும் சேர்த்து 18 கிராம் ஆகிவிட்டது, கலோரியோ 390-ஐத் தொட்டுவிட்டது. மீதி நாலு கிராமை எதையும் கூட்டாமல் எடுக்க வேண்டும். அதற்கு வழி மாற்றிக்கொள்வது. நாளில் எங்காவது 30 கிராம் அரிசியைக் குறைத்துவிட்டு அந்த 30 கிராமைப் பருப்பாக ஆக்கினால் போதும். அரிசியிலும் பருப்பிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் புரதம் பருப்பில் மூன்று மடங்கு. ராத்திரி தோசைக்குப் பதில் பச்சைப்பயற்றையும் அரிசியையும் சரிபாதி அரைத்து அடை ஊற்றலாம். வெண்பொங்கல் செய்தால் அரிசிக்குப் பாதி பாசிப்பருப்பு போட்டு, கரண்டியில் எடுத்தால் நிற்கிற பதத்தில் இறக்கலாம். ரசத்துக்குப் பதில் கெட்டியாகக் கடைந்த பருப்பு வைக்கலாம். நாலு கிராம் வந்துவிடும். மொத்தம் 22. கலோரி நாற்பது கூடினால் அதற்காக உடம்பு சண்டைக்கு வராது, அளவுகோலே சராசரிதான்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது அந்த 42 பங்கு என்ற கணக்கு கைகொடுக்கும். வெறும் சோற்றிலிருந்து வரும் எட்டு கிராமும் பொங்கலிலிருந்து வரும் எட்டு கிராமும் குழந்தைக்குப் போய்ச் சேரும்போது ஒரே அளவாக இருக்காது.

அசைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, நடுத்தர அளவில் ஒரு துண்டு மத்தி மீன் குழம்பில் போட்டது. மீன் 50 கிராம் சதை என்றால் ஒன்பது கிராம் புரதம். மொத்தம் 22, கலோரி 300 அளவில் நிற்கிறது, ஒரு கொய்யாப்பழத்துக்கு இடம் மிச்சம். மத்தி மலிவு, சின்ன மீனாதலால் பாதரசமும் மிகக் குறைவு. சுறா போன்ற பெரிய மீன்களைத்தான் இந்த மாதங்களில் தவிர்க்கச் சொல்வார்கள்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைப் பலரும் வீட்டில் உள்ள குழந்தைக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடுகிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் தர வேண்டும் என்று 2009-இல் அளவு வைத்தார்கள். அந்த 18 கிராமை மேலே நாம் பாடுபட்டுச் சேர்த்த 22-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கஞ்சியாக ஒரே மூச்சில் குடிக்கப் பிடிக்காவிட்டால், உருண்டையாகவோ அடையாகவோ இரண்டு மூன்று தவணையில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும். மாவைச் சாப்பிடுகிற அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கலோரி எகிறும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, டப்பாவில் வரும் புரதப் பவுடரை இரண்டு ஸ்பூன் கலக்கிக் குடித்தால் ஆயிற்று என்று தோன்றலாம். முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான அளவு. ஒரு வேளைக்குக் கலக்கச் சொல்வது அதில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான். நூறு கிராமில் 20 கிராம் புரதம் என்றால் ஒரு தம்ளருக்கு ஐந்தாறு கிராம் கிடைக்கும். ஒரு முட்டையின் அளவுகூட வராது. கூடவே சர்க்கரை எத்தனை கிராம் என்றும் பார்த்துவிடுவது நல்லது.

புரதம் மிகச் செறிவாக உள்ள பவுடர்களில் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஓர் ஆய்வை டேவிட் ரஷ், ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் மூவரும் 1980-இல் வெளியிட்டார்கள். எடை குறைந்த குழந்தை பிறக்க வாய்ப்புள்ள பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 40 கிராம் புரதம் உள்ள பானம், இன்னொரு பிரிவுக்கு வெறும் ஆறு கிராம் புரதமும் 322 கலோரியும் உள்ள பானம், மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு. எல்லோரும் எதிர்பார்த்தது 40 கிராம் குடித்தவர்களுக்கு நல்ல கொழுகொழு குழந்தை பிறக்கும் என்று. நடந்தது வேறு. அந்தப் பிரிவில்தான் நாள் முந்திப் பிறந்த குழந்தைகளும், பிறந்து இறந்த குழந்தைகளும் அதிகமாக இருந்தன. மிதமான புரதமும் கலோரியும் சேர்ந்த பானம் குடித்தவர்களிடம் அந்தக் கெடுதல் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஊட்டம் குறைந்த சமூகங்களில் கர்ப்பிணிகளுக்குக் கலோரியும் புரதமும் சமச்சீராக உள்ள கூடுதல் உணவு கொடுக்கலாம், புரதம் மட்டும் மிகுந்த சத்துணவுப் பொருளைக் கொடுக்க வேண்டாம். சமச்சீர் என்பதற்கு அவர்கள் வைத்த எல்லை, மொத்தக் கலோரியில் நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகப் புரதத்திலிருந்து வருவது. நம் பெண்ணின் எட்டாம் மாதச் சாப்பாட்டில் நாள் முழுவதுக்கும் 68 கிராம் புரதம், 2,000 சொச்சம் கலோரி. ஒரு கிராம் புரதத்துக்கு நாலு கலோரி வீதம் பார்த்தால் அது ஏழில் ஒரு பங்குதான், எல்லைக்கு வெகு தூரம் உள்ளே.

கலோரி போதாமல் புரதத்தை மட்டும் ஏற்றினாலும் பயனில்லை. உடலுக்கு முதல் தேவை எரிபொருள். அது குறைந்தால் முட்டையிலும் பயறிலும் வந்த அமினோ அமிலங்களை எடுத்து எரித்துவிடும். எட்டாம் மாதத்துக்குப் பிறகு "கொழந்தை ரொம்பப் பெருத்துட்டா சுகப்பிரசவம் ஆகாது, வாயைக் கட்டு" என்று சில வீடுகளில் சாப்பாட்டைக் குறைப்பார்கள். முதல் மாதத்தில் ஐந்து சிப்பம் போட்ட அதே வீடு, குழந்தைக்கு உண்மையில் வேண்டிய கடைசி மாதத்தில் தட்டை எடுத்துவிடுகிறது. சர்க்கரை உள்ள தாய்க்குக் குழந்தை பெருப்பது வேறு காரணத்தால். அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசு மருத்துவமனைகளில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவர்களுக்கும் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டும் மாற்றம்தான் முதல் வைத்தியம், பட்டினி அல்ல.

சாப்பாடு சரியாகப் போகிறதா என்று வீட்டில் தெரிந்துகொள்ள எடை மெஷின் ஒன்றே போதும். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவருக்கு முதல் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். அதன் பிறகு மாதம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ, மொத்தத்தில் 10 முதல் 12 கிலோ. ஒரு மாதத்தில் ஒரு கிலோகூட ஏறவில்லை என்றால் மேலே சொன்ன சாம்பாரின் அடியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ஒரே மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இல்லாமல், நீர் கோத்ததாகவும் இருக்கலாம். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் கூட இருந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே ஒல்லியாக இருந்தவருக்கும், இரட்டைக் குழந்தை சுமப்பவருக்கும், வயலிலோ கட்டட வேலையிலோ நாள் முழுக்க உடம்பை வளைப்பவருக்கும் 350 போதாது. உடல் பருமன் உள்ளவருக்கு அவ்வளவு தேவைப்படாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

பிரசவமானதும் இந்தக் கணக்கு இறங்கிவிடும் என்றுதான் நினைப்போம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அதே 2020 பட்டியல் சொல்லும் கூடுதல், நாளுக்கு 600 கலோரியும் 17 கிராம் புரதமும். சுமந்தபோது கேட்டதைவிடக் கலோரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, பூண்டுக் குழம்பும் சோறும் போடுகிறார்கள்.